படத்தில் இருப்பது அவர்தானா? பழைய படங்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலைவர்கள், அரசர்கள், புலவர்கள் படம் என்று ஒன்று கைக்கு வந்தவுடன் என்னிடம் அனுப்பி, "இது அசல்தானே?" என்று கேட்பவர்கள் பலர். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன். ஜான்சி ராணியின் போட்டோ என்று சுற்றும் படத்தைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்திருக்கிறேன்.

திப்பு சுல்தானோட ஒரிஜினல் போட்டோ லண்டன் மியூசியத்துல இருக்காமே, நெஜமா?

இல்லை. திப்பு 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போரில் இறந்தார். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-ல். இடையில் நாற்பது வருடம். அதே 1799-ல் கயத்தாறில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனுக்கும், அவருக்கு முன்பே மறைந்த வேலு நாச்சியாருக்கும் இதே பதில்தான். எந்த மியூசியத்தின் பெயரைச் சொன்னாலும் அவர்களுக்குப் போட்டோ இருக்க முடியாது.

திப்பு என்று பரவும் படத்தில் இருப்பவர் யார் என்பதும் தெரியும். வெள்ளைத் தாடியும் தலைப்பாகையுமாக இருக்கும் அவர் திப்பு திப். சான்சிபாரைச் சேர்ந்த தந்த வியாபாரி, அடிமை வியாபாரி, 1905-ல் இறந்தவர். பெயரில் பாதி ஒன்றாக இருந்ததால் யாரோ இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். திப்பு சுல்தானின் காலத்திலேயே வரையப்பட்ட ஓவியங்கள் உண்டு. அவற்றில் அவருக்கு மெல்லிய மீசை மட்டும்தான், தாடி கிடையாது.

அப்போ 1839-க்கு அப்புறம் செத்தவங்கன்னா போட்டோ இருக்கலாம்தானே?

இருக்கலாம். ஆனால் "இருக்கலாம்" என்பதிலிருந்து "இதுதான் அது" என்பதற்கு நீண்ட தூரம் உண்டு. கேமரா கல்கத்தாவில் விற்பனைக்கு வந்தது 1840 வாக்கில். பம்பாயில் புகைப்படச் சங்கம் தொடங்கியது 1854-ல், சென்னையில் 1856-ல். அதாவது 1850-களின் நடுப்பகுதி வரை இது பெருநகரங்களில் வெள்ளைக்கார அதிகாரிகளும் சில வசதியான இந்தியர்களும் பழகிய கலை. உள்நாட்டு சமஸ்தானம் ஒன்றின் அந்தப்புரத்துக்குள் கேமரா போனது என்றால், எப்படிப் போனது என்று தனியாகக் கேட்டாக வேண்டும்.

ஆகவே இறந்த தேதியோடு நிறுத்தாமல் மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பார்ப்பேன்: அந்த ஆள் அந்த ஊரில் இருந்த காலம், படம் எடுத்ததாகச் சொல்லப்படுபவர் அங்கே இருந்த காலம், படம் அச்சாகியிருக்கும் முறை வழக்கில் இருந்த காலம். மூன்றும் ஒரே சில வருடங்களில் வந்து சேர வேண்டும். ஒன்று விலகினாலும் படத்தைக் கீழே வைத்துவிட்டு யோசிக்க வேண்டியதுதான்.

ஜான்சி ராணி படத்துல "1850, ஹாஃப்மன் எடுத்தது"ன்னு தெளிவா போட்டிருக்கே. பேரும் வருஷமும் இருந்தா நம்பலாம்ல?

பேரும் வருடமும் இருப்பது நல்லதுதான், சரிபார்க்க முடியும் என்பதால். இந்தப் படம் 2009-ல் போபாலில் ஒரு கண்காட்சிக்கு வந்தபோது செய்தித்தாள்களில் அடிபட்டது. ஜான்ஸ்டன், ஹாஃப்மன் என்ற பெயர்கள் சொல்லப்பட்டன. ஜான்ஸ்டன் அண்டு ஹாஃப்மன் உண்மையில் இருந்த ஸ்டூடியோ, கல்கத்தாவில் பெரிய பெயர் வாங்கியது. ஆனால் அது தொடங்கப்பட்டது 1880-களில். ராணி லட்சுமிபாய் குவாலியருக்கு அருகே போரில் விழுந்தது 1858 ஜூனில். ஸ்டூடியோ திறப்பதற்கு இருபது வருடத்துக்கு மேல் முன்பே அவர் இல்லை. சொல்லப்படும் இரண்டு விவரங்களே ஒன்றையொன்று முறிக்கின்றன.

அடுத்து 1850 என்ற வருடம். அப்போது ராணியின் கணவர் கங்காதர் ராவ் உயிரோடு இருந்தார். அவர் இறந்தது 1853 நவம்பரில். அந்த வருடத்தில் இந்தியாவில் எடுத்த படம் என்றால் ஒன்று வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் கண்ணாடிபோல் பளபளக்கும் டாகரோடைப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் காகித நெகட்டிவிலிருந்து எடுத்த சற்றே மங்கலான அச்சாக இருக்க வேண்டும். கண்ணாடி நெகட்டிவில் கூர்மையாக எடுக்கும் ஈரக் கொலோடியன் முறை வெளியிடப்பட்டதே 1851-ல். இமை முடி வரை தெளிவாகத் தெரியும் காகிதப் படம் ஒன்றின் கீழே "இந்தியா, 1850" என்று பார்த்தால் அந்த இடத்திலேயே சந்தேகம் வர வேண்டும்.

ராணி யாருக்கும் முகம் காட்டாம இருந்தாங்களா என்ன? குதிரை ஏறிப் போர் செஞ்சவங்க ஆச்சே.

நியாயமான கேள்வி. தன் குடிமக்கள் நடுவில் அவர் நடமாடினார். ஆனால் அன்னிய ஆண்கள் முன்னால் உட்காருவது வேறு. இதற்கு நேரில் கண்ட சாட்சியே இருக்கிறது. 1854-ல் ஆங்கிலேயர் ஜான்சியைத் தங்களோடு சேர்த்துக்கொண்டபோது, வாதாடுவதற்காக ராணி ஜான் லாங் என்ற வழக்கறிஞரை வரவழைத்தார். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், ராணியின் பக்கம் பேச வந்தவர். அவரிடமே ராணி திரைக்குப் பின்னால் இருந்துதான் பேசினார்.

பேச்சின் நடுவே, தத்துப்பிள்ளையான சிறுவன் தாமோதர் ராவ் திரையை விலக்கிவிட்டான். தற்செயலா, ராணி நினைத்தே நடந்ததா என்று தனக்குக் கடைசிவரை தெரியவில்லை என்கிறார் லாங். கண்ட சில நொடிகளில் அவர் பார்த்தவை: நடுத்தர உயரம், சற்றுப் பூசினாற்போன்ற உடல், வட்ட முகம், அழகிய கண்கள், நேர்த்தியான மூக்கு. நிறம் மிகச் சிவப்பும் இல்லை, கறுப்பும் இல்லை. மெல்லிய வெள்ளை மஸ்லின் உடை. நகை என்று காதில் தங்கத் தோடு மட்டும்.

தனக்காக வாதாட வந்தவரிடமே திரை போட்டுப் பேசிய ஒருவர், அதற்கு நான்கு வருடம் முன்பு, கணவர் இருக்கும்போது, ஐரோப்பியர் ஒருவரின் கேமரா முன்னால் நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்தார் என்றால் அதற்கு வலுவான ஆதாரம் வேண்டும். படமெடுத்தவரின் குறிப்போ, யாராவது எழுதிய கடிதமோ, அரண்மனைக் கணக்கில் ஒரு வரியோ. அப்படி எதுவும் அந்தப் படத்தோடு வரவில்லை.

வட்ட முகம், நல்ல கண்ணுன்னு லாங் சொன்னது படத்தோட ஒத்துப்போகுதே! அது போதாதா?

போதாது. வட்ட முகமும் நல்ல கண்ணும் உள்ள பெண்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். வர்ணனை ஒரு படத்தைத் தள்ளுவதற்கு உதவும், ஏற்பதற்கு உதவாது. நீண்ட ஒடுங்கிய முகத்தோடு ஒரு படம் வந்தால் லாங்கைக் காட்டி "இது பொருந்தவில்லை" எனலாம். பொருந்துகிறது என்பதால் ராணி ஆகிவிடாது.

ஜாடை என்பது எல்லா ஆதாரங்களிலும் பலவீனமானது. பெயரை முதலில் கேட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தால் கண் அந்தப் பெயருக்கு ஏற்ற ஜாடையைத் தானே தேடிக்கொள்ளும். முக ஒப்பீடு செய்தே ஆக வேண்டுமென்றால், ஐயமே இல்லாத ஒரு படம் அதே ஆளுக்கு ஏற்கெனவே இருக்க வேண்டும். இரண்டிலும் முகம் ஒரே கோணத்தில் திரும்பியிருக்க வேண்டும். அப்போதுகூடக் காதின் மடிப்பு, காதுமடல் ஒட்டியிருக்கிறதா தொங்குகிறதா என்பது மாதிரி வயதோடு அதிகம் மாறாதவற்றைப் பார்ப்பேன். மீசை, தலைப்பாகை, பொட்டு இவற்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ராணி விஷயத்தில் ஐயமில்லாத போட்டோ ஒன்றுகூட இல்லை என்பதால் ஒப்பிடுவதற்கே வழியில்லை.

எங்கிட்ட அட்டையில ஒட்டின பழைய படம் ஒண்ணு இருக்கு. கையில வெச்சுப் பார்த்தே காலத்தைச் சொல்ல முடியுமா?

வருடத்தைச் சொல்ல முடியாது. "இதற்கு முன்னால் இருக்க முடியாது" என்று பெரும்பாலும் சொல்லலாம். முதலில் அட்டையை அளந்து பாருங்கள். ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டருக்குப் பத்து என்றால் அது விசிட்டிங் கார்டு வகை. பாரிஸில் 1854-ல் காப்புரிமை பெற்றது, உலகமெங்கும் பரவியது 1860-ஐ ஒட்டி. பதினொன்றுக்குப் பதினாறரை என்றால் கேபினட் கார்டு. அது 1866 முதல்தான். அட்டையின் கீழ் விளிம்பில் பொன் எழுத்தில் ஸ்டூடியோ பெயர் இருந்தால் அந்த ஸ்டூடியோ எப்போது எந்தத் தெருவில் இருந்தது என்று பழைய பஞ்சாங்க டைரக்டரிகளில் தேடலாம். ஸ்டூடியோக்கள் அடிக்கடி இடம் மாறும் என்பதால் முகவரி நல்ல துப்பு.

அடுத்து பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை, நகைக்கடையில் வைத்திருப்பார்களே அது மாதிரி, படத்தின் மேல் வைத்து முகத்தின் நிழல் பகுதியைப் பாருங்கள். வரிசையாகப் பெரிதும் சிறிதுமான புள்ளிகள் தெரிந்தால் அது போட்டோவே இல்லை, புத்தகத்திலோ பத்திரிகையிலோ அச்சடித்த படத்தை வெட்டி ஒட்டியது. புள்ளி இல்லாமல் காகிதத்தின் நார் மட்டும் மெலிதாகத் தெரிந்து, வெளுத்த இடங்கள் மஞ்சளடித்திருந்தால் முட்டை வெள்ளைக்கருவைப் பூசிச் செய்த ஆல்புமன் அச்சு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதி முழுக்க இதுதான் வழக்கம். நார் தெரியாமல் வழவழப்பாக, சாய்த்துப் பிடித்தால் கறுப்புப் பகுதியில் நீலவெள்ளி மினுமினுப்பு ஓடினால் ஜெலட்டின் அச்சு, 1880-களுக்குப் பிந்தையது. தயவுசெய்து படத்தை அட்டையிலிருந்து பிரிக்காதீர்கள், துடைக்காதீர்கள். அட்டை போனால் பாதி ஆதாரம் போய்விடும்.

1850-ல எடுத்த படத்தை 1880-ல அந்த ஸ்டூடியோ காப்பி எடுத்து வித்திருக்கலாமே?

இந்தக் கேள்வி வர வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். நிச்சயம் நடக்கக்கூடியது. பழைய படத்தை மறுபடி படமெடுத்துத் தங்கள் அட்டையில் ஒட்டி விற்பது அன்றைய ஸ்டூடியோக்களின் சாதாரண வியாபாரம். அதனால் மேலே சொன்ன அட்டைக் கணக்கு, கையில் இருக்கும் பிரதியின் வயதை மட்டும்தான் சொல்லும். கேமரா முன்னால் ஆள் உட்கார்ந்த நாளைச் சொல்லாது.

காப்பிக்கு அடையாளங்கள் உண்டு. வெளுப்பும் கறுப்பும் கூடிப்போய் நடுநிறங்கள் குறைந்திருக்கும். மூலப் படத்தின் கிழிசலோ கறையோ மடிப்போ, தடவினால் கையில் தட்டாமல், படத்துக்குள்ளேயே அச்சாகியிருக்கும். சிலவற்றில் மூலத்தின் விளிம்பே உள்ளே தெரியும். இவை இருந்தால் "முன்பு வேறொரு மூலம் இருந்தது" என்று ஒப்புக்கொள்ளலாம். அப்போதும் அந்த மூலம் எந்த வருடத்தது, அதில் இருப்பவர் யார் என்று யார் சொன்னது என்ற கேள்வி அப்படியே நிற்கும். ராணி படத்துக்கு இந்த வாதத்தை ஏற்றால், ஹாஃப்மன் எடுத்தார் என்பதை விட்டுவிட வேண்டும். எடுத்தவர் பெயர் தெரியாத, மூலம் கிடைக்காத ஒரு படம்தான் மிஞ்சும். அதை ராணி என்று சொல்ல அடிப்படை எதுவும் மிச்சமில்லை.

படத்து மேலேயே பேர் எழுதியிருந்தா? அதைவிட என்ன சாட்சி வேணும்?

அந்த எழுத்து எப்போது எழுதப்பட்டது என்று தெரிய வேண்டும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் கொலம்பஸ் படம் என்று புகழ்பெற்ற ஓவியம் இருக்கிறது. செபஸ்தியானோ டெல் பியோம்போ வரைந்தது. மேலே லத்தீனில் கொலம்பஸின் பெயரே எழுதியிருக்கிறது. பாடப்புத்தகங்களில் நாம் பார்த்த முகமும் அதுதான். ஆனால் ஓவியத்தில் உள்ள ஆண்டு 1519. கொலம்பஸ் 1506-லேயே இறந்துவிட்டார். அவர் உயிரோடிருந்தபோது எதிரே உட்காரவைத்து வரைந்த படம் என்று உறுதியான ஒன்றுகூட இல்லை. அந்த மியூசியமே "கொலம்பஸ் என்று சொல்லப்படும் ஒருவர்" என்றுதான் தலைப்புப் போட்டிருக்கிறது.

போட்டோவின் பின்பக்க எழுத்துக்கும் இதே கேள்விதான். மை, கையெழுத்து, ஊர்ப் பெயரின் எழுத்துமுறை, "அமரர்" என்பது போன்ற பிற்காலச் சொல் எல்லாம் கவனிக்க வேண்டியவை. பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருந்தால் எழுதியவர் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்தியவர். அவருக்கு யார் சொன்னார்கள் என்பதிலிருந்துதான் தேட ஆரம்பிக்க வேண்டும்.

இப்படிப் பார்த்தா 1857 ஆளுங்க யாருக்குமே உண்மையான போட்டோ இல்லையா?

ஏன் இல்லை? கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜஃபரின் போட்டோ இருக்கிறது. ராபர்ட் டைட்லர், சார்லஸ் ஷெப்பர்ட் இருவரும் 1858-ல் டெல்லியில் எடுத்தது. மேலே சொன்ன மூன்று கணக்கையும் இதற்குப் போட்டுப் பாருங்கள். அந்த வருடம் ஜஃபர் டெல்லியில் ஆங்கிலேயரின் கைதி; அக்டோபரில்தான் அவரை ரங்கூனை நோக்கிக் கொண்டுபோனார்கள். டைட்லர் ராணுவ அதிகாரி, அந்தச் சமயம் டெல்லியில் இருந்தவர். கொலோடியன் நெகட்டிவ் நன்கு பழக்கத்துக்கு வந்துவிட்ட காலம். கைதியிடம் திரையும் மறைப்பும் செல்லாது என்பதால், அருகே போவதிலும் தடை இல்லை. எல்லாம் ஒரே இடத்தில் கூடுகின்றன.

படுக்கையில் சாய்ந்து, சோர்ந்த கண்களோடு கேமராவைப் பார்க்கும் அந்தக் கிழவரைப் பார்க்கும்போது என் மனம் கனத்துப்போகும். ஆனால் அந்தப் படத்தை நான் நம்புவது அந்த முகபாவத்துக்காக அல்ல. எடுத்தவர், இடம், ஆண்டு மூன்றும் படத்தோடு தொடர்ந்து வந்திருப்பதால்தான்.

பாரதியார் முண்டாசு படம்கூட அசல் இல்லைன்னு சொல்றாங்களே?

இரண்டு வேறு விஷயங்கள் கலந்துவிட்டன. பாரதிக்கு அசல் போட்டோக்கள் ஐந்து உண்டு என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு: புதுச்சேரியில் இரண்டு, காரைக்குடியில் இரண்டு, சென்னையில் ஒன்று. பள்ளிக்கூடச் சுவரிலும் காலண்டரிலும் நாம் பார்த்து வளர்ந்த, முறுக்கிய மீசையும் கூரிய பார்வையுமான வண்ண முகம் ஓவியர் கையிலிருந்து வந்தது. போட்டோக்களை ஆதாரமாகக் கொண்ட ஓவியம் என்பதால் அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் புதிதாக ஒரு படம் கிடைத்து, "இது பாரதியா?" என்று ஒப்பிட வேண்டி வந்தால் அந்த ஐந்தோடுதான் ஒப்பிட வேண்டும், ஓவியத்தோடு அல்ல.

திருவள்ளுவருக்கு அந்த வசதியும் கிடையாது. நாம் எல்லோரும் அறிந்த உருவம் 1960-களில் அரசு ஏற்றுக்கொண்ட, கே.ஆர். வேணுகோபால் சர்மா வரைந்த கற்பனை ஓவியம். வள்ளுவரின் முகம் அது என்று அதைக் காட்டி வாதம் செய்ய இடமில்லை.

எங்க தாத்தா க்ரூப் போட்டோவுல பக்கத்துல உக்காந்திருக்கவர் வ.உ.சி.ன்னு வீட்டுல சொல்றாங்க. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தாத்தாவிலிருந்து தொடங்குங்கள். அவர் பிறந்த வருடம் உங்களுக்குத் தெரியும். படத்தில் அவர் வயது ஏறக்குறைய எவ்வளவு என்றும் சொல்ல முடியும். அதிலிருந்து பத்து வருட இடைவெளி ஒன்று கிடைக்கும். அட்டையையும் ஸ்டூடியோ முகவரியையும் வைத்து அதை இன்னும் குறுக்குங்கள். வந்த வருடங்கள் 1908 நடுப்பகுதிக்கும் 1912 டிசம்பருக்கும் இடையில் என்றால் முடிந்தது, அப்போது வ.உ.சி. சிறையில் இருந்தார். அதற்குப் பிந்தியது என்றால் அவர் சென்னையிலும் கோவையிலும் கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் வெவ்வேறு காலங்களில் இருந்திருக்கிறார். உங்கள் தாத்தா அந்தந்தக் காலத்தில் அங்கே இருந்தாரா, என்ன கூட்டம், வேறு யாரையாவது ஐயமின்றி அடையாளம் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். பிறகுதான் முகம்.

இடது வலது குழப்பத்தையும் கவனியுங்கள். "இடமிருந்து மூன்றாவது" என்ற குறிப்பு சரியாக இருந்து, படம் திருப்பி அச்சாகியிருந்தால் வேறு ஆளுக்குப் பெயர் போய்விடும். ஆண்களின் கோட்டில் இடது பக்கத் துணி வலது பக்கத்தின் மேல் வந்து மூடும். படத்தில் எல்லோருக்கும் அது மாறியிருந்தால் படம் திரும்பியிருக்கிறது. பின்னால் கடைப் பலகை இருந்தால் எழுத்தே சொல்லிவிடும்.

கடைசி வரைக்கும் முடிவே வரலைன்னா படத்தைத் தூக்கிப் போட்டுடறதா?

வேண்டவே வேண்டாம். ராணி என்று சுற்றும் படத்திலும் யாரோ ஒரு பெண் இருக்கிறார், அவருக்கும் பெயர் இருந்தது. தவறான பெயரை எடுத்தால்தான் சரியான பெயர் வர இடம் கிடைக்கும். படத்தை ஸ்கேன் செய்யும்போது முன்பக்கம், பின்பக்கம், அட்டையின் விளிம்பு மூன்றையும் சேர்த்து எடுங்கள், வெட்டிச் சதுரமாக்காதீர்கள்.

கீழே எழுதும் வரியில் தெரிந்ததையும் கேட்டதையும் பிரித்து எழுதுங்கள். "வ.உ.சி. என் தாத்தாவுடன்" என்று எழுதாமல், "என் தாத்தா இன்னார், ஏறக்குறைய 1925; அருகில் இருப்பவர் வ.உ.சி. என்று என் அத்தை சொன்னார், வேறு ஆதாரம் இல்லை" என்று எழுதுங்கள். யாரிடமிருந்து உங்களுக்கு வந்தது, அவருக்கு யாரிடமிருந்து என்பதையும் சேர்த்துவிடுங்கள். அதே ஸ்டூடியோவின், அதே கூட்டத்தின் இன்னொரு பிரதி பெயர்களோடு வேறொரு வீட்டுப் பெட்டியில் இருந்தால், அதை வைத்திருப்பவர் உங்கள் படத்தோடு பொருத்திப் பார்க்க இந்த விவரம்தான் தேவைப்படும்.